ஐந்து மெத்தட் லெவல் 2-ஆ, ஏழரை சிஜிபிஏ-வா?

சூலூர் மெக்கு:
மெக்கானிக்கல் கடைசி வருசம், கோயமுத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரி. ஆறு செமஸ்டர் முடிஞ்சு சிஜிபிஏ 6.8. பொருளை உடைக்காம சோதிக்கற என்டிடி-யில அஞ்சு மெத்தடுக்கும் லெவல் 2 சர்டிபிகேட், 14 நாள்ல முடிச்சுத் தர்றோம்னு ஒரு பயிற்சிக்கூடம் சொல்லுது. 28,000 ரூபாய். மாமா அந்தக் காசும் நேரமும் வேண்டாம், மார்க்கை 7.5-க்கு ஏத்துங்கறார். அவரும் இந்தக் குழுவுல இருக்கார். எது மேல்?

கணபதி லேத்து:
அந்த மாமன் நான்தானுங்க. என்ற அக்கா பையன். வால்வு பாடி மெஷினிங் பண்ணிக் குடுக்கற பட்டறை நம்முளுது. காஸ்டிங் வர்றப்ப கூடவே என்டிடி ரிப்போர்ட் வரும், கீழ லெவல் 2-ன்னு ஒருத்தர் கையெழுத்து இருக்கும். அந்த வேலைக்கு மரியாதை உண்டு, இல்லீங்கல. ஆனா அந்த சர்டிபிகேட்டுக்கு ஒரு முடிவுத் தேதி இருக்குது. மார்க் ஷீட்டுக்கு முடிவுத் தேதி கெடையாது. நெய்வேலி மாதிரி பொதுத்துறையில பட்டதாரி அப்ரண்டிஸ் எடுக்கறப்ப டிகிரி மார்க்கை வரிசை போட்டுத்தான் கூப்படறாங்க. 7.5 வெச்சிருந்தா நாளைக்கு எந்த வாசல்லயும் தலை குனியாம நிக்கலாம். 14 நாள்ல அஞ்சு வித்தை கத்துக்கறதுங்கறது சந்தையில மாடு வாங்கற மாதிரி, பல்லைப் புடிச்சுப் பாக்காம வாங்கக் கூடாது.

சூலூர் மெக்கு:
மாமா, 6.8-ம் 7.5-ம் ஒருத்தர் கண்ணுக்குத் தெரியுமாங்க? இன்டர்வியூவுல "பாடத்தைத் தவிர என்ன பண்ணுனீங்க"-ன்னுதான் கேக்கறாங்க. அங்க சொல்ல ஒண்ணு வேணுமில்ல.

கறுப்பு மணல்:
ஸ்டீல் ஃபவுண்டரியில் தரப்பிரிவில் இருக்கிறேன். ரெண்டு பேரும் பாதி பாதி சரி. தம்பி, முதலில் மாமா சொன்ன 7.5-ஐ எடுத்துக்கொள்வோம். ஆறு செமஸ்டருக்கு உனக்கு எத்தனை கிரெடிட் ஆச்சு, இன்னும் எத்தனை பாக்கி?

சூலூர் மெக்கு:
125 ஆச்சுங்க அக்கா. மொத்தம் 160. பாக்கி 35.

கறுப்பு மணல்:
அப்போது கணக்கு இப்படி வருகிறது.

```
6.8 × 125 = 850
7.0 × 160 = 1120    (1120 - 850) / 35 = 7.71
7.5 × 160 = 1200    (1200 - 850) / 35 = 10.0
```

மாமா கேட்கிற 7.5 வேண்டுமென்றால் பாக்கி இருக்கிற 35 கிரெடிட்டிலும் ஒன்றுவிடாமல் 'ஓ' கிரேடு வாங்க வேண்டும். ஒரு பாடத்தில் ஏ பிளஸ் வந்தாலே கணக்கு உடைந்தது. 7.0 ஆகும், சராசரி 7.71 என்றால் ஏ-யும் பி பிளஸ்ஸும் கலந்து வாங்கி, ப்ராஜெக்டில் நல்ல கிரேடு எடுத்தால் போதும். முதல் ஆறு செமஸ்டர் என்பது கெட்டியாகிவிட்ட காஸ்டிங். இனி மேலே கொஞ்சம் கிரைண்டிங் செய்யலாம், வடிவத்தை மாற்ற முடியாது.

இன்னொன்று நேரம். கல்லூரிக்கு வருகிற கம்பெனிகள் ஏழாம் செமஸ்டர் நடக்கும்போதே வருகின்றன. அவர்கள் பார்ப்பது ஆறாம் செமஸ்டர் வரைக்குமான எண். இப்போது உயிரைக் கொடுத்து ஏற்றுகிற 0.2, அவர்கள் ஆளை எடுத்துக்கொண்டு போன பிறகுதான் மார்க் ஷீட்டில் ஏறும்.

கணபதி லேத்து:
இத நான் யோசிக்கல. பத்துக்குப் பத்துன்னா ஆவாத காரியம், ஒத்துக்கறேன். ஆனா கேம்பஸோட உலகம் முடிஞ்சு போகுதாங்க? அதுக்கப்பறமும் அந்த எண்ணைக் கேக்கற எடம் இருக்குதே.

பவானிக்கரை:
இருக்கு. நான் ஜெர்மனியில் எம்.எஸ். முடித்தவன். அங்கே நம் சிஜிபிஏ-வை அவர்கள் அளவுக்கு மாற்றுவார்கள். அங்கே எண் குறைந்தால்தான் நல்ல கிரேடு. உச்சம் 10, பாஸ் 5 என்று வைத்தால்:

```
1 + 3 × (10 - 7.5) / (10 - 5) = 2.5
1 + 3 × (10 - 7.0) / (10 - 5) = 2.8
1 + 3 × (10 - 6.8) / (10 - 5) = 2.92
```

நான் விண்ணப்பித்த பல படிப்புகளில் 2.5-தான் எல்லைக் கோடு. அதனால் மாமா 7.5 என்று பிடித்த பிடி தப்பில்லை. என் 7.6 எனக்குக் கைகொடுத்தது. தம்பியும் ஜெர்மன் ஏ1-ல் இப்போதே சேர்ந்துவிடலாம்.

கறுப்பு மணல்:
பவானிக்கரை, தம்பி வெளிநாடு போகிறேன் என்று எங்கேயும் சொல்லவில்லையே. உங்கள் கணக்கின்படியே பார்த்தாலும் அவனுக்கு எட்டக்கூடியது 7.0. அது 2.8. கோட்டுக்கு வெளியில்தான் நிற்கும். மாமா சொன்ன அப்ரண்டிஸ் வரிசையிலும் அதே கதைதான். அங்கே எட்டரை, ஒன்பது வைத்திருக்கிறவர்கள் முன்னால் நிற்பார்கள், 6.8-க்குப் பதில் 7.0 என்றால் வரிசையில் சில அடி நகரலாம், வாசல் திறக்காது.

ஒன்றே ஒன்று. 7.0 என்று கட்-ஆஃப் போடுகிற கம்பெனிக்கு, படிப்பு முடிந்து வெளியிலிருந்து விண்ணப்பித்தால் 6.99-க்கும் 7.00-க்கும் வித்தியாசம் உண்டு. விண்ணப்பத் தளம் ஆளைப் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். ஆகவே 7.0-க்கு மதிப்பு இருக்கிறது. 7.3-க்குத் தனியாக ஒன்றும் இல்லை.

காங்கயம் கணக்கு:
பொண்ணு பி.காம் மூணாவது வருசம். டேலி கோர்ஸ் போடலாங்களா, இல்ல மார்க்கைப் பாக்கட்டுமா? இங்க எல்லாரும் சர்டிபிகேட் வேண்டாம்ங்கற மாதிரி தெரியுது.

கறுப்பு மணல்:
அப்படி யாரும் இன்னும் சொல்லலீங்க. பி.காம் கணக்கு வேற. சி.ஏ. நேரடி நுழைவுக்கு 55 சதவீதம் வேணும். பொண்ணு அதுக்குக் கீழே இருந்தால் மார்க்தான் முதல். அதுக்கு மேலே இருந்தால் தனித் திரி போடுங்க, கணக்குத் தெரிந்தவங்க வருவாங்க.

இனி சர்டிபிகேட். தம்பி, அஞ்சு மெத்தட் என்றால் சாயம் பூசிப் பார்க்கிற பிடி, காந்தத்தால் பார்க்கிற எம்டி, ஒலியலையால் பார்க்கிற யுடி, கதிர்வீச்சால் பார்க்கிற ஆர்டி, கண்ணால் பார்க்கிற விடி. எஸ்என்டி-டிசி-1ஏ என்கிற அமெரிக்க வழிகாட்டி ஆவணத்தின்படி என்று போட்டுத் தருவதாகத்தானே சொன்னார்கள்? அந்த ஆவணத்தில் பயிற்சி மணிக்கு ஓர் அட்டவணை இருக்கிறது. லெவல் 1 இல்லாமல் நேராக லெவல் 2 போகிறவர் இரண்டு நிலைக்குமான மணியையும் கூட்டிக்கொள்ள வேண்டும். யுடி-க்கு 40-ம் 40-ம் 80. ஆர்டி-க்கும் 80. விடி 24, எம்டி 20, பிடி 12. மொத்தம் 216 மணி. 14 நாள், நாளுக்கு எட்டு மணி என்று மூச்சுவிடாமல் நடத்தினாலும் 112-தான். பாதி மணி எங்கே போனது என்று கேட்டுப் பார்.

ஃப்ளக்ஸ் வாத்தியார்:
பயிற்சிக்கூடம் நடத்துகிறவன் என்ற முறையில் ஒரு வார்த்தை. பழைய பதிப்புகளில் இன்ஜினியரிங் படித்தவர்களுக்குக் குறைந்த மணி கொடுத்திருந்தார்கள். மெக்கானிக்கல் பையனுக்கு உலோகவியலும் வெல்டிங்கும் முதலிலிருந்து எடுக்கத் தேவையில்லை. எல்லாக் கூடத்தையும் ஒரே தராசில் நிறுத்தாதீர்கள்.

கறுப்பு மணல்:
அந்தச் சலுகையைக் கழித்தாலும் யுடி, ஆர்டி இரண்டு மட்டுமே 112-ஐத் தின்றுவிடும் வாத்தியாரே. சரி, பயிற்சி மணியை விடுங்கள். அனுபவ மணி? யுடி நேராக லெவல் 2 என்றால் 210-ம் 630-ம் சேர்த்து 840 மணி நேரம் அந்த வேலையில் கை வைத்திருக்க வேண்டும். பிடி-க்கு 70-ம் 140-ம், 210 மணி. எம்டி-க்கு 70-ம் 210-ம், 280. கல்லூரி வகுப்பில் உட்கார்ந்திருக்கிற பையனுக்கு இது பூச்சியம். பூச்சியத்தை வைத்துக்கொண்டு எப்படி லெவல் 2 என்று அச்சடிக்கிறீர்கள்?

ஃப்ளக்ஸ் வாத்தியார்:
அங்கேதான் ஒரு நுணுக்கம். நாங்கள் தருவது பயிற்சியும் தேர்வும் முடித்ததற்கான தாள். பையன் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அந்தக் கம்பெனி அவன் மணியைப் பார்த்து, இதற்கென்று தானே எழுதி வைத்திருக்கிற ரிட்டன் பிராக்டிஸ்படி சர்டிஃபை செய்துகொள்ளும். அதைச் சேரும்போதே சொல்லிவிடுகிறோம்.

கணபதி லேத்து:
கொஞ்சம் நில்லுங்க. அப்ப இவன் கையில வாங்கீட்டு வர்றது லெவல் 2 இல்லீங்களா? 28,000 குடுத்து வாங்கற தாள் செல்லாதுங்கறீங்களா?

கறுப்பு மணல்:
செல்லாது என்று இல்லைங்க அண்ணா, முழுசாகாத தாள். இந்த முறையில் ஆளை சர்டிஃபை செய்வது வேலை கொடுக்கிறவர்தான். காரணம் தேர்விலேயே இருக்கிறது. மூன்று தேர்வு: பொது, குறிப்பு, செய்முறை. ஒவ்வொன்றிலும் 70, சராசரி 80 வேண்டும். பொதுத் தேர்வு எங்கே எழுதினாலும் ஒன்று. குறிப்புத் தேர்வு அப்படி இல்லை. அந்தக் கம்பெனி என்ன பொருள் செய்கிறது, எந்த நடைமுறையில் சோதிக்கிறது, ஏற்பு அளவு என்ன என்பதிலிருந்து கேள்வி வரும். வால்வு காஸ்டிங்கில் தேறியவர் பைப் வெல்டில் தேறியதாகாது. அதனால்தான் வேலையை விட்டு வேறிடம் போனால் பழைய கம்பெனியின் சர்டிபிகேட் அங்கேயே நின்றுவிடுகிறது. புது இடம் பயிற்சிப் பதிவையும் மணிப் பதிவையும் ஏற்றுக்கொள்ளலாம், ஆனால் தன் பேரில் மறுபடி சர்டிஃபை செய்ய வேண்டும். கண் பரிசோதனைகூட ஆண்டுக்கொரு முறை உண்டு. உங்கள் பட்டறைக்கு வருகிற ரிப்போர்ட்டில் கையெழுத்துப் போடுகிறவர் இந்த வழியெல்லாம் கடந்து வந்தவர்.

ஆளோடு கூடவே போகிற சர்டிபிகேட்டும் உண்டு, ஐஎஸ்ஓ 9712 படி. அதுக்கும் அனுபவம் காட்டித்தான் ஆக வேண்டும்.

சூலூர் மெக்கு:
ஆர்டி பத்தி ஒரு சந்தேகம்ங்க அக்கா. அதுலதான் சம்பளம் ஜாஸ்தின்னு சொன்னாங்க.

கறுப்பு மணல்:
அதில்தான் நன்றாக ஏமாறலாம். நம் ஊரில் கதிர்வீச்சுச் சோர்ஸைக் கையாள அணுசக்தி ஒழுங்குமுறை வாரியமான ஏஇஆர்பி அங்கீகரித்த ரேடியோகிராபர் பயிற்சியும் தேர்வும் தனியாக வேண்டும். 1ஏ தாளில் ஆர்டி லெவல் 2 என்று பொன்னெழுத்தில் இருந்தாலும், அது இல்லாமல் இரிடியம் கேமரா பக்கத்தில் விடமாட்டார்கள். எடுத்த ஃபிலிமைப் பார்த்துத் தீர்ப்புச் சொல்கிற வேலைக்கு அந்தத் தடை கிடையாது, ஆனால் நூற்றுக்கணக்கில் ஃபிலிம் பார்க்காத கண்ணை யாரும் நம்பி உட்கார வைப்பதில்லை. அஞ்சு மெத்தட் பொட்டலத்தில் உனக்கு உடனே உதவாத பாகம் இதுதான்.

ஃப்ளக்ஸ் வாத்தியார்:
எல்லாம் சரி. ஆனால் ஒன்றை நீங்கள் மறைக்கிறீர்கள். சின்ன இன்ஸ்பெக்ஷன் ஏஜென்சிகள் ஆள் எடுக்கும்போது இந்தத் தாள் இல்லாதவனைக் கூப்பிடுவதே இல்லை. ஒப்பந்த வேலை, ஷட்டவுன் வேலை எல்லாவற்றிலும் முதல் வடிகட்டி இதுதான். உதவியாளாகச் சேர்ந்து மணி சேர்ப்பதற்கே இது நுழைவுச் சீட்டு. 7.0 சிஜிபிஏ-வை வைத்துக்கொண்டு அங்கே போய் நின்றால் யாரும் கேட்க மாட்டார்கள்.

கறுப்பு மணல்:
அது உண்மை, மறுக்கவில்லை. ஏஜென்சி வழி போகிறவனுக்குத் தாள் மார்க்கை வெல்லும். என் சண்டை அஞ்சோடுதான், ஒன்றோடு இல்லை. கோயமுத்தூர் ஃபவுண்டரிகளில் தினமும் ஓடுவது பிடி-யும் எம்டி-யும். பயிற்சி மணி 12-ம் 20-ம், 32. அதை நாலு நாளில் நேர்மையாக முடிக்கலாம். செய்முறைக்கு இன்னொரு நாள். அந்த இரண்டை மட்டும் எடுத்து அதில் கை தேர்ந்தவனை நாங்கள் எடுப்போம். அஞ்சையும் எடுத்து ஒன்றும் தெரியாதவனை அஞ்சு கேள்வியில் கண்டுபிடித்து விடுவோம்.

தம்பி, ஒரு கேள்வி கேட்கிறேன், பார்க்காமல் சொல். வால்வு பாடி இரண்டு இருக்கிறது, ஒன்று டபிள்யூசிபி, இன்னொன்று சிஎஃப்8எம். மேற்பரப்பு வெடிப்புப் பார்க்க வேண்டும். எதற்கு எம்டி, எதற்கு பிடி?

சூலூர் மெக்கு:
ரெண்டுக்கும் எம்டி பண்ணலாம்ங்க. எம்டி-தான் மேற்பரப்புக்குக் கொஞ்சம் கீழ இருக்கறதயும் காட்டும்னு அந்தக் கூடத்து டெமோ வகுப்புல சொன்னாங்க.

கணபதி லேத்து:
அட கண்ணு, சிஎஃப்8எம் ஸ்டெயின்லெஸ்ஸுடா. மேக்னெட்டிக் சக்குல வெச்சா நிக்காம நழுவும். காந்தம் புடிக்காத பாடியில காந்தத்தை வெச்சு என்ன பாக்கப் போறே?

கறுப்பு மணல்:
அண்ணா பாஸ். சிஎஃப்8எம்-க்கு பிடி, காந்தம் பிடிக்கிற கார்பன் ஸ்டீலான டபிள்யூசிபி-க்கு எம்டி. தம்பி சொன்னது புத்தகத்தில் சரியான வரிதான், பொருள் மாறியதும் தப்பாகிவிட்டது.

இன்னும் கேட்பேன். எம்டி-க்கு வைக்கிற மின்காந்தமான யோக் வேலை செய்கிறதா என்று எப்படிச் சோதிப்பாய்? ஏசி யோக் என்றால் கால்களை வேலையில் வைக்கிற அதிகபட்ச அகலத்துக்கு விரித்து 4.5 கிலோ எடையைத் தூக்க வேண்டும், டிசி என்றால் 18 கிலோ. ஒரே இடத்தில் ஒரு தடவை வைத்துவிட்டு நகர்ந்தால் என்ன ஆகும்? காலுக்குக் கால் ஓடுகிற புலத்துக்கு இணையாகப் படுத்திருக்கிற வெடிப்பு தெரியாமலே போகும். யோக்கைச் செங்குத்தாகத் திருப்பி மறுபடி வைக்க வேண்டும். புதிய ஆட்கள் விடுகிற பிழைகளில் முதலில் வருவது இதுதான்.

பிடி-யில் பிழை வேறு மாதிரி. சிவப்புச் சாயம் பூசிப் பத்து நிமிடமாவது ஊற விட வேண்டும். மேலே இருக்கிற மிச்சத்தை முதலில் உலர்ந்த துணியாலும், பிறகு சால்வென்ட் நனைத்த துணியாலும் துடைக்க வேண்டும். சீக்கிரம் முடிக்கலாம் என்று சால்வென்ட் டப்பாவை நேராகப் பீய்ச்சினால், வெடிப்புக்குள் இறங்கிய சாயமும் கழுவிக்கொண்டு வந்துவிடும். காஸ்டிங் பளிச்சென்று சுத்தமாகத் தெரியும், வெடிப்பு உள்ளேயே உட்கார்ந்திருக்கும். டெவலப்பர் அடித்த பிறகு பத்து நிமிடத்துக்கு முன்னால் தீர்ப்புச் சொல்லக் கூடாது. மணிக்கணக்கில் போட்டு வைத்துவிட்டு வந்தும் சொல்லக் கூடாது. சாயம் பரவிப் புள்ளியும் கோடும் ஒன்றாகிவிடும்.

நம் ஊருக்கென்று ஒரு பிழையும் உண்டு. சித்திரை வெயிலில் யார்டில் கிடந்த காஸ்டிங்கை எடுத்து வந்து அப்படியே சாயம் பூசுவார்கள். வழக்கமான நடைமுறையில் பரப்பின் வெப்பம் 5-லிருந்து 52 டிகிரிக்குள் இருக்க வேண்டும். அந்தக் காஸ்டிங் மேல் கை வைக்கவே முடியாது, சாயம் ஊறுவதற்குள் காய்ந்துவிடும். நிழலில் ஆற வைத்து, தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும்.

இதைச் சொல்லத் தெரிந்த பையனின் சிஜிபிஏ-வை நான் கேட்பதே இல்லை.

ஃப்ளக்ஸ் வாத்தியார்:
நீங்கள் கேட்க மாட்டீர்கள், உங்கள் மனிதவளப் பிரிவு கேட்கும்.

கறுப்பு மணல்:
கேட்கும், ஆமாம். 60 சதவீதமும் அரியர் இல்லாமையும் கேட்கும். தம்பி அந்த இரண்டிலும் தப்பித்துவிடுகிறான் என்றுதான் இவ்வளவும் பேசினேன். அரியர் ஒன்றும் இல்லையே தம்பி?

சூலூர் மெக்கு:
ஒண்ணு இருக்குதுங்க. ஹீட் அண்ட் மாஸ் டிரான்ஸ்ஃபர், 4 கிரெடிட். அந்த 35-குள்ள அதுவும் சேர்த்தி.

கணபதி லேத்து:
ஏண்டா, இத எப்படா சொல்றதா இருந்தே? உங்கம்மாகிட்ட எல்லாம் கிளியர்னு சொன்னியே. ஊரு பூராப் பாக்கற எடத்துல வந்துதான் வாயைத் தொறப்பியா?

சூலூர் மெக்கு:
மாமா, நவம்பர்ல எழுதிடுவேன்னுதான் சொல்லாம விட்டேனுங்க.

கறுப்பு மணல்:
அண்ணா, திட்டுவதை வீட்டில் வைத்துக்கொள்ளுங்கள். ஆனால் இதனால் கேள்வியே மாறிவிட்டது. கேம்பஸுக்கு வருகிற கம்பெனிகளில் பல "நிலுவையில் அரியர் கூடாது" என்று முதல் வரியிலேயே போடுகின்றன. அங்கே 6.8-ஆ 7.0-வா என்பதற்கு முன்னால் இந்த 4 கிரெடிட்தான் தட்டிவிடும். ஃபவுண்டரியில் வேலையைத் தருகிறேன் என்று நானே சொன்னாலும், டிகிரி கைக்கு வராமல் இன்ஜினியர் டிரெய்னி என்று போட முடியாது. எனவே பயிற்சிக் கூடத்தின் அடுத்த பேட்ச் தேதியும் உன் தேர்வுத் தேதியும் இடிக்கிறதா என்று பார். இடித்தால் பேட்ச்தான் தள்ளிப் போக வேண்டும்.

சூலூர் மெக்கு:
பேட்ச் நவம்பர் ரெண்டாவது வாரம்ங்க. அப்பத்தான் எங்களுக்குத் தேர்வும்.

கணபதி லேத்து:
அப்பறம் என்ன பேச்சு, நவம்பர்ல ஒரு எழவும் வேண்டாம். மொதல்ல அந்தப் பாடத்தை முடி.

எனக்கொரு யோசனைங்க. எட்டாவது செமஸ்டர் ப்ராஜெக்டுக்கு அஞ்சாறு மாசம் இருக்குது. எனக்கு காஸ்டிங் குடுக்கற ஃபவுண்டரி அரசூர்ப் பக்கம். அங்க என்டிடி பிரிவுல இவன ப்ராஜெக்டுக்கு விட்டா, அந்த மணி கணக்குல சேருங்களா?

கறுப்பு மணல்:
நல்ல இடத்தைப் பிடித்தீர்கள். பிடி-க்கு 210 மணி, எம்டி-க்கு 280. வாரத்தில் மூன்று நாள், நாளுக்கு ஆறு மணி நேரம் உண்மையாகவே சோதனை மேசையில் நின்றான் என்றால் வாரத்துக்கு 18. பதினாறு வாரத்தில் 288. இரண்டில் ஒன்று முடியும், இரண்டும் முடியாது. நான் எம்டி-யைச் சொல்வேன். மணி அதிகம் கேட்பது அதுதான். பிடி மணியை வேலையில் சேர்ந்த பிறகு ஓரிரு மாதத்தில் எடுத்துவிடலாம்.

தினமும் நோட்டில் தேதி, காஸ்டிங்கின் ஹீட் எண், முறை, எத்தனை மணி, என்ன கண்டுபிடித்தான் என்று எழுதி, கூட நின்ற லெவல் 2-விடம் அன்றன்றே கையெழுத்து வாங்க வேண்டும். மாதக் கடைசியில் ஒன்றாக உட்கார்ந்து எழுதிய நோட்டு ஒரே பேனா, ஒரே சாய்வு என்று பார்த்தவுடன் தெரிந்துவிடும். ப்ராஜெக்ட் தலைப்பையும் அதிலிருந்தே எடுக்கலாம். ஒரே பாடியில் எந்த இடத்தில் வெடிப்பு அடிக்கடி வருகிறது, ரைசர் வெட்டிய இடமா, தடிமன் மாறுகிற மூலையா என்று எண்ணி வரைந்தால் அதற்கு நல்ல கிரேடும் கிடைக்கும். உங்கள் 7.0-க்கும் அது உதவும்.

ஃப்ளக்ஸ் வாத்தியார்:
ஒரு மறுப்பு. மாணவன் அந்தக் கம்பெனியின் ஊழியன் இல்லை. சர்டிஃபை ஆகாத ஆள், ஊழியனும் இல்லாத ஆள் நின்ற மணியை, தேர்வு வைத்துத் தேர்ச்சி சொல்கிற லெவல் 3-யாக நான் இருந்தால் அனுபவம் என்று ஏற்க மாட்டேன். பயிற்சி என்று வேண்டுமானால் எழுதிக்கொள்வேன்.

கறுப்பு மணல்:
நான் வேலை செய்த இடத்தில் லெவல் 3 ஏற்றிருக்கிறார், லெவல் 2-வின் மேற்பார்வையில் நின்றதற்கு ஆதாரம் இருந்தால். ரிட்டன் பிராக்டிஸில் முன் அனுபவத்தை எப்படி ஏற்பது என்று எழுதியிருக்க வேண்டும், அதைப் பொறுத்தது.

ஃப்ளக்ஸ் வாத்தியார்:
அவர் ஏற்றார், இன்னொருவர் ஏற்கமாட்டார். பையன் 288 மணியையும் நம்பி உட்கார்ந்துவிட்டு, சேர்கிற இடத்தில் பூச்சியத்திலிருந்து ஆரம்பி என்றால் என்ன செய்வான்? படிப்பு முடிந்ததும் nats.education.gov.in தளத்தில் பதிந்து ஓராண்டு அப்ரண்டிஸாக ஃபவுண்டரியில் சேரட்டும். அங்கே ஒப்பந்தம் இருக்கிறது, உதவித்தொகை இருக்கிறது, மணியை யாரும் கேள்வி கேட்க முடியாது.

கறுப்பு மணல்:
இரண்டையும் செய்யட்டுமே. ப்ராஜெக்ட் மணி ஏற்கப்படாவிட்டாலும் கை பழகியிருக்கும். யோக்கைத் திருப்ப வேண்டும் என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பவானிக்கரை:
ஜெர்மன் ஏ1 பற்றி யாரும் பதில் சொல்லவில்லை.

சூலூர் மெக்கு:
அக்கா, அப்ப தேர்வு முடிஞ்சு டிசம்பர்ல பிடி, எம்டி ரெண்டு மட்டும் எடுக்கறேன். கூடத்துல சேர்றதுக்கு முன்னாடி என்ன கேக்கோணும்?

கறுப்பு மணல்:
மூன்று கேள். கையெழுத்துப் போடுகிற லெவல் 3 யார், அந்த இரண்டு முறையிலும் அவர் சான்று இன்றைக்குச் செல்லுபடியில் இருக்கிறதா என்று கேள். அந்த 1ஏ ஆவணத்தை வெளியிடுகிற ஏஎஸ்என்டி அமைப்பின் சான்று என்று சொன்னால் பேரை asnt.org தளத்தில் தேடிப் பார்க்கலாம். சான்றோடு பயிற்சி மணியை எழுதிய தனித் தாள் தருவார்களா என்று கேள். பின்னால் எந்தக் கம்பெனியும் கேட்கப் போவது அந்தத் தாளைத்தான். கடைசியாக, செய்முறைக்கு உண்மையான வெடிப்புள்ள மாதிரித் துண்டுகள் எத்தனை வைத்திருக்கிறார்கள், ஒரு யோக்குக்கு எத்தனை பேர் என்று நேரில் போய்ப் பார். பத்துப் பேருக்கு ஒரு யோக் என்றால் உன் கைக்கு அது வருவதே அபூர்வம். அனுபவ மணி கட்டத்தில் அவர்களாகவே ஏதாவது எண் எழுதித் தருகிறேன் என்றால் எழுந்து வந்துவிடு. அது பொய்ப் பதிவு. உன் பேரில்தான் நிற்கும்.

ஃப்ளக்ஸ் வாத்தியார்:
கடைசி வரியை நானும் ஒத்துக்கொள்கிறேன்.

கணபதி லேத்து:
28,000-த்துல ரெண்டு மெத்தடுக்கு எவ்வளவு ஆகுதோ அத நான் தர்றேன் கண்ணு, அரியர் ரிசல்ட்டைக் காட்டுன பொறவு. புதன்கெழம ஃபவுண்டரிக்கு பேட்டர்ன் எடுக்கப் போறேன், நீயும் வா. சேஃப்டி ஷூ இல்லாம உள்ள விட மாட்டாங்க, உன்ற அளவு என்ன, எட்டா ஒம்பதா?

சூலூர் மெக்கு:
ஒம்பதுங்க மாமா. அம்மாகிட்ட நீங்களே சொல்லீருங்க.

கணபதி லேத்து:
அது ஆவாது.